ரோல்ல இன்னும் எத்தன மீட்டர் இருக்கு? அளவு பாக்க நாலு வழி, எத எப்ப நம்பலாம்

சிங்கப்பூர்ல தேக்கா பக்கத்துல ஒரு கர்ட்டன் கடையில பதினொரு வருஷமா வேல பாக்குறேன். தீபாவளிக்கு ஒரு மாசம் இருக்கும்போது எங்க கடையில ஒரு நாளைக்கு பத்து தடவயாவது வர்ற கேள்வி, "இந்த ரோல்ல இன்னும் எவ்வளவு இருக்கு?" கஸ்டமர் முன்னாடி நிக்கும்போது ரோலப் பிரிச்சு மேசையில போட்டு மீட்டர் ஸ்கேல வச்சு அளந்துட்டு திருப்பி சுத்துறதுக்கு ரெண்டு ஆளும் இருபது நிமிஷமும் வேணும், அதுவும் நம்ம கடை மாதிரி சின்ன இடத்துல ஒன்றரை மீட்டர் அகல துணிய விரிக்கணும்னா அஞ்சடி அகலத்துக்கு எடம் வேணும். அதனால எல்லாரும் கண்ணால பாத்துதான் சொல்றாங்க. அந்தக் கண்ணளவு எவ்வளவு மோசமா ஏமாத்தும், பிரிக்காமலே கணக்குப் போட என்னென்ன வழி இருக்கு, எது எந்த ரோலுக்குப் பொருந்தும்னு ஒரே ஒரு ரோல வச்சு சொல்றேன். நம்பர் எல்லாம் நான் நோட்டுல எழுதி வச்சது.

பொங்கோல்ல புது பிடிஓ அரசாங்க வீடு வாங்குன ஒரு அக்கா வந்தாங்க. ஹால், ரெண்டு ரூம், எல்லாத்துக்கும் ஒரே சாம்பல் கலர் பிளாக்அவுட் துணி கேட்டாங்க. ஒரு பீஸுக்கு மேல மடிப்பு கீழ மடிப்பு எல்லாம் சேத்து 2.7 மீட்டர், மொத்தம் ஏழு பீஸ், அப்ப 18.9 மீட்டர். அந்த கலர்ல எங்ககிட்ட இருந்தது வெட்டி வெட்டி மீந்த ஒரே ஒரு ரோல். புது ரோல் ஆர்டர் போட்டா வேற சாய லாட் வரும், பக்கத்துல பக்கத்துல மாட்டுனா பகல் வெளிச்சத்துல கலர் வித்தியாசம் பளிச்சுன்னு தெரிஞ்சிடும். அதனால இந்த ரோல்லயே 18.9 இருக்கா இல்லயாங்கறதுதான் கேள்வி. இருந்தா முன்பணம் வாங்கலாம், இல்லன்னா வேற கலர் காட்டணும். கடை அண்ணன் ரோலப் பாத்துட்டு "பாதிக்கு மேல இருக்குப்பா, 25 மீட்டர் வரும்"னு சொல்லிட்டாரு.

அங்கதான் பிரச்சன. முழு ரோல் 50 மீட்டர். கனத்துல பாதி இருந்தா நீளமும் பாதி இருக்கும்னு நம்ம கண்ணு நெனைக்குது. ஆனா வெளிப்பக்கம் ஒரு சுத்துக்கு அறுபது சென்டிமீட்டர் துணி போகுது, உள்ள குழாய் கிட்ட ஒரு சுத்துக்கு பதினஞ்சு சென்டிமீட்டர்தான் போகுது. மேல இருக்கிற பாதி கனம் வித்துப் போச்சுன்னா நீளத்துல கிட்டத்தட்ட மூணுல ரெண்டு பங்கு போயிடுச்சு. எங்க ரோல் அளவுக்கு கணக்குப் போட்டா, பாதி கனம் மிச்சம் இருக்கும்போது நீளம் 50ல பாதி 25 இல்ல, பதினேழு மீட்டர் சொச்சம்தான். ஸ்டாக் எடுக்கும்போது வருஷா வருஷம் துணி காணோம் காணோம்னு தேடுறதுக்கு பாதி காரணம் இதுதான், யாரும் எடுத்துட்டுப் போகல, முதல்லயே இல்லாத துணிய நாம எழுதி வச்சிருக்கோம்.

சரி, கணக்கு எப்படி வருதுன்னு புரிஞ்சிக்கிட்டா எந்த வழி எங்க சறுக்கும்னு தானா தெரியும். ரோலப் பக்கவாட்டுல பாருங்க, வளையம் மாதிரி தெரியும், வெளி வட்டம் துணியோட விளிம்பு, உள் வட்டம் பேப்பர் குழாய். அந்த வளையத்தோட பரப்பளவுதான் துணிய ஓரமா பாத்தா தெரியுற பரப்பளவு. பிரிச்சு நீட்டுனா அதே பரப்பு ரொம்ப நீளமான, ஒரு துணி கனமே உயரமான ஒரு பட்டையா மாறிடும். அதனால வளையத்தோட பரப்ப துணி கனத்தால வகுத்தா நீளம் வந்துடும்.

```
L = 3.1416 × (D² − d²) ÷ (4 × t)
```

D வெளி விட்டம், d குழாயோட வெளி விட்டம், t ஒரு அடுக்கோட கனம். எல்லாத்தயும் சென்டிமீட்டர்ல போட்டா விடையும் சென்டிமீட்டர்ல வரும். இதுல d விஷயத்துல நெறய பேர் தப்பு பண்றாங்க, குழாய் ஓட்டைக்குள்ள ஸ்கேல விட்டு அளக்குறாங்க. துணி சுத்தியிருக்கிறது குழாயோட வெளிப்பக்கம், ஓட்டை இல்ல. குழாய் அட்டையே நாலு மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். ரோல் பெருசா இருக்கும்போது இந்தத் தப்பு அவ்வளவா தெரியாது, ஆனா மூணரை மீட்டர்தான் மிச்சம் இருக்குன்னா ஓட்டைய அளந்தா நாலு மீட்டர் நாப்பதுன்னு காட்டும், நாலு மீட்டர் பீஸுக்கு இருக்குன்னு நம்பி வெட்டப் போய் மாட்டிக்குவோம்.

இப்ப விட்டத்த அளக்குறது. ரோல் ரேக்குல மாசக்கணக்கா படுத்தே கெடக்குறதால அமுங்கி முட்ட மாதிரி ஆயிருக்கும். ஒரு பக்கம் ஸ்கேல வச்சா 12.6 வரும், திருப்பி வச்சா 13.5 வரும். நான் விட்டத்த நேரடியா அளக்குறதே இல்ல. தையல் இஞ்ச் டேப்ப ரோலச் சுத்திப் போட்டு சுற்றளவ சென்டிமீட்டர் பக்கத்துல படிச்சிடுவேன், லேசா அமுங்கியிருந்தாலும் அது பெருசா மாறாது. இடது ஓரம், நடு, வலது ஓரம்னு மூணு எடத்துல அளந்து சராசரி எடுக்கணும், ஏன்னா சில துணிக்கு கரை தடிமனா இருக்கும், ஓரம் மட்டும் உப்பி நிக்கும். சுற்றளவ 3.14ஆல வகுத்தா விட்டம். எங்க சாம்பல் ரோலுக்கு சுற்றளவு 41, அதாவது விட்டம் 13.05. குழாய் சுற்றளவு 15, விட்டம் 4.77. ரோல் பக்கவாட்டுல குழாய் கொஞ்சம் வெளிய நீட்டிக்கிட்டு இருந்ததால அதயும் டேப் போட்டே அளந்துட்டேன்.

மொத வழி, கனத்த அளந்து மேல சொன்ன கணக்குல போடுறது. கடையில வெர்னியர் காலிப்பர் ஒண்ணு இருக்கு, ரெய்லிங் வேலைக்கு வாங்குனது. ஒரு அடுக்க கவ்வ வச்சா 0.50 மில்லிமீட்டர். கணக்குப் போட்டா 23.2 மீட்டர்! அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். எனக்கு சந்தேகம், ஏன்னா காலிப்பர் துணிய அமுக்கிடும், ரோலுக்குள்ள துணி அவ்வளவு அமுங்கி இருக்காது. பத்து அடுக்கா மடிச்சு, அமுக்காம லேசா தொடுற மாதிரி அளந்தேன், 5.4 வந்துச்சு, அப்ப ஒரு அடுக்கு 0.54, நீளம் 21.5 மீட்டர். அதே ரோல், அதே துணி, கை அழுத்துன அளவுக்கு ஒன்றரை மீட்டருக்கு மேல மாறுது. துணிக்கு இந்த வழி எனக்குப் பிடிக்கல. கனத்துல ஒரு பங்கு தப்புன்னா நீளத்துலயும் அதே பங்கு தப்பு, அதுவும் எப்பவும் அதிகமா காட்டுற பக்கமாத்தான் தப்பும், அதான் ஆபத்து. வினைல், பிவிசி ஷீட், ரோலர் பிளைண்டுக்கு வர்ற விறைப்பான துணி, இதெல்லாம் அமுங்காது, அதுக்கு மட்டும் இந்த வழிய வச்சுக்கலாம்.

ரெண்டாவது வழி, கனத்த அளக்கவே வேணாம், முழு ரோல வச்சு விகிதம் போடுறது. நான் தினமும் செய்றது இதத்தான். புது ரோல் லோரில வந்து எறங்குன அன்னைக்கே அதோட சுற்றளவ அளந்து லேபிள்ல பேனாவால எழுதிடணும். இந்த ரோலுக்கு வந்த அன்னைக்கு 62 சென்டிமீட்டர், லேபிள்ல 50 மீட்டர். கனம் எவ்வளவா இருந்தா என்ன, முழு வளையத்துக்கு 50 மீட்டர்னா இப்ப இருக்கிற வளையத்துக்கு எத்தனன்னு கேக்குறோம், அவ்வளவுதான். விட்டத்துக்கு பதிலா சுற்றளவயே போட்டுக்கலாம், 3.14 ரெண்டு பக்கமும் வந்து அடிபட்டுப் போயிடும்.

```
L = முழு நீளம் × (C² − c²) ÷ (C0² − c²)
  = 50 × (41² − 15²) ÷ (62² − 15²)
  = 50 × 1456 ÷ 3619
  = 20.1 மீட்டர்
```

C இப்ப இருக்கிற சுற்றளவு, C0 முழு ரோலோடது, c குழாயோடது. 50ஐ 3619ஆல ஒரே தடவ வகுத்து வச்சுட்டா 0.0138னு ஒரு நம்பர் வரும், அத லேபிள்லயே எழுதிட்டா அப்புறம் யார் வேணும்னாலும் போன்ல கால்குலேட்டர் தட்டி சொல்லிடலாம். நாங்க ஸ்டாக் ஷீட்ல இப்படிப் போட்டு வச்சிருக்கோம், B2ல சுற்றளவ அடிச்சா மீட்டர் வந்துடும்:

```
=ROUND(50*(B2^2-15^2)/(62^2-15^2),1)
```

இந்த வழியோட பெரிய பலம் என்னன்னா, துணி ஃபேக்டரியில எவ்வளவு இறுக்கமா சுத்தியிருக்காங்களோ அது தானாவே கணக்குக்குள்ள வந்துடுது. டேப்ப அரை சென்டிமீட்டர் தப்பா படிச்சாலும் இந்த ரோல்ல 57 சென்டிமீட்டர்தான் மாறும், அத மூணு தடவ அளந்து சரி பண்ணிக்கலாம். ஆனா ரெண்டு எடத்துல இது கால வாரும்.

ஒண்ணு லேபிள். 50னு எழுதி பக்கத்துல Yனு ஒரு எழுத்து இருக்கான்னு பாருங்க, இருந்தா அது யார்டு, 45.72 மீட்டர்தான். இந்த ரோல் அப்படி யார்டு ரோலா இருந்திருந்தா 20.1ங்கறது 18.4 ஆயிருக்கும், அக்காவோட ஏழாவது பீஸுக்கு அரை மீட்டர் பத்தாமப் போயிருக்கும். நம்மூர்ல ஒரே ரேக்குல யார்டுல வந்த ரோலும் மீட்டர்ல வந்த ரோலும் பக்கத்துல பக்கத்துல கெடக்கும், அதனால இத நான் ரெண்டு தடவ பாப்பேன்.

ரெண்டாவது, இன்னும் முக்கியமானது, திருப்பி சுத்துறது. கஸ்டமருக்கு மூணு மீட்டர் வெட்டணும்னா நாம அஞ்சாறு மீட்டர் உருவி, கலர் காட்டி, வெட்டிட்டு மிச்சத்த கையால சுத்தி வைக்குறோம். மெஷின் மாதிரி இழுத்துப் பிடிச்சு யாரும் சுத்துறதில்ல. வெளிப்பக்கம் நாலஞ்சு மீட்டர் தளதளன்னு இருக்கும், ரோல் உப்பும், சுற்றளவு கூடும், கணக்கு அதிகமா காட்டும். கைய வச்சு அமுக்கிப் பாத்தா தெரியும், மேல விரல் உள்ள போகும், கீழ கெட்டியா நிக்கும். இல்லன்னா பக்கவாட்டுல அடுக்கு இடைவெளிய பாருங்க, உள்ள நெருக்கமா, வெளிய அகலமா தெரியும். சாம்பல் ரோல்ல மேல கொஞ்சம் அகலமாத்தான் தெரிஞ்சுச்சு. தேவை 18.9, கணக்கு 20.1, நடுவுல இருக்கிறது ஒரு மீட்டர் இருபதுதான். வெளிப்பக்கம் பத்து சதவீதம் தளர்வா இருந்தாக்கூட அதுல அரை மீட்டர் கிட்ட போயிடும். இந்த நெலமையில விகிதத்த மட்டும் நம்பி முன்பணம் வாங்க எனக்கு மனசு வரல.

அப்பதான் மூணாவது வழி, சுத்துகள எண்ணுறது. இதப் பத்தி ஏன் யாரும் பேசுறதில்லன்னு தெரியல, கனமான துணிக்கு இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. பக்கவாட்டுல குழாயிலேர்ந்து வெளி விளிம்பு வரைக்கும் ஒரே நேர்கோட்டுல எத்தன அடுக்கு இருக்குன்னு எண்ணணும். அத சராசரி சுற்றளவால பெருக்கணும். சராசரி சுற்றளவுன்னா வெளியும் உள்ளயும் கூட்டி ரெண்டால வகுக்குறது, இங்க 41ம் 15ம் சேந்து 56, பாதி 28 சென்டிமீட்டர். கனம் வேணாம், லேபிள் வேணாம், முழு ரோல் எப்படி இருந்துச்சுன்னும் தெரிய வேணாம்.

தளர்வா சுத்துன ரோலுக்கும் இது பெருசா ஏமாறாது, காரணம் சொல்றேன். தளர்ந்துட்டா அடுக்குக்கு நடுவுல காத்து நெறயுது, வளையத்தோட பரப்பு கூடுது, பரப்ப வச்சுப் போடுற கணக்கு அந்தக் காத்தயும் துணியா எண்ணிடுது. ஆனா அடுக்க எண்ணும்போது நீங்க எண்ணுறது துணிய மட்டும்தான். வெளிப்பக்கம் மட்டும் தளர்வா இருந்தா சராசரி சுற்றளவு ஒரு துளி ஏறி இறங்கும், அது பத்து இருபது சென்டிமீட்டர் சமாச்சாரம்.

எப்படி எண்ணுறதுன்னா, ரோல நிமித்தி வச்சு போன் டார்ச்ச சாய்வா அடிங்க, ஒவ்வொரு அடுக்கும் நிழல் விழுந்து தனித்தனியா தெரியும். குழாயிலேர்ந்து வெளிய பத்து பத்தா எண்ணி ஒவ்வொரு பத்துக்கும் ஒரு குண்டூசி குத்திட்டுப் போங்க. இல்லன்னா ஃபோட்டோ எடுத்து பெருசாக்கி எண்ணலாம், ஆனா அடுக்கு கலங்குன எடத்துல ஊசிதான் நல்லது. ரெண்டு வேற வேற எடத்துல எண்ணணும். நான் ஒரு எடத்துல எண்ணுனப்ப 69, இன்னொரு எடத்துல எண்ணுனப்ப 70. அதாவது 19.3லேர்ந்து 19.6 மீட்டர். ஒரு அடுக்கு தப்பா எண்ணுனா 28 சென்டிமீட்டர்தான் போகும், ஆனா மூணு நாலு விட்டுட்டா ஒரு மீட்டர் ஆயிடும், அதான் ரெண்டு தடவ.

இப்ப பாருங்க, ரோல் மொத்தமும் ஃபேக்டரி இறுக்கத்துலயே இருந்திருந்தா 72 சுத்து வந்திருக்கணும், வந்தது 69, 70. அந்தக் கொறஞ்ச ரெண்டு மூணு சுத்துதான் தளர்வு. ரெண்டு வழியும் போட்டுப் பாத்தா எது தப்புன்னு மட்டுமில்ல ஏன் தப்புன்னும் தெரிஞ்சிடுது, இதுக்காகவே மார்ஜின் கம்மியா இருக்கிற ஆர்டருக்கு நான் ரெண்டயும் செய்றேன்.

மெல்லிசான துணிக்கு இத மறந்துடலாம். ஷிஃபான், லைனிங், ஷீர் கர்ட்டன், இதெல்லாம் அடுக்கு முன்னூறு நானூறு போகும், கண்ணு வலிக்கும், நடுவுல எண்ணிக்க தவறிடும். இன்னொன்னு, பட்டு, சுடிதார் மெட்டீரியல் மாதிரி தட்டையான அட்டையில சுத்தி வர்ற தானுக்கு விட்டமே கிடையாது, ஆனா எண்ணுற வழி அங்கயும் வேல செய்யும், அட்டைய ஒரு சுத்து சுத்துன நீளத்தயும் வெளிச் சுத்து நீளத்தயும் டேப் போட்டு அளந்து சராசரி எடுத்து எண்ணிக்கையால பெருக்குனா போதும்.

நாலாவது எடை. விட்டத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, ஆனா ஒப்பிடும்போது விட்டுட்டா சரியில்ல. பயணப் பெட்டி எடை பாக்குற கொக்கித் தராசு ஒண்ணு வாங்கி வச்சோம். ரெண்டு பக்கமும் கயிறு கட்டித் தொங்கவிட்டா ரோல் 9.30 கிலோ. அதே சப்ளையரோட காலிக் குழாய் மூலையில கெடந்துச்சு, 600 கிராம். அதே துணியில வேற ஆர்டருக்கு சரியா ஒரு மீட்டர் வெட்டி வச்சிருந்தத நிறுத்தா 450 கிராம். 8.7 கிலோவ 450ஆல வகுத்தா 19.3 மீட்டர். சுத்து எண்ணுனதோட ஒத்துப் போச்சு. எடைக்கு தளர்வு, முட்ட வடிவம் எதுவும் தெரியாது, அது பெரிய நன்மை. ஆனா மீட்டர் எடைய 450க்கு பதிலா 440னு தப்பா நிறுத்தா நீளம் கிட்டத்தட்ட அரை மீட்டர் அதிகமாயிடும், அதனால ஒரு மீட்டர் துண்ட நல்ல தராசுல நிறுக்கணும், இந்தக் கொக்கித் தராசுல இல்ல. இன்னொரு விஷயம் நம்ம ஊர் ஈரப்பதம். இந்தத் துணி பாலியெஸ்டர், தண்ணி இழுக்காது. பருத்தி அப்படி இல்ல, சாதாரண காத்துலயே எடையில எட்டு சதவீதம் போல ஈரம் பிடிச்சு வச்சிருக்கும், ஏர்கான் கடையில நிறுத்த துண்டையும் மழக்காலத்துல பின்னாடி ஸ்டோர்ல கெடந்த ரோலையும் சேத்துப் போட்டா விடை நகந்துடும். பருத்தின்னா ரெண்டயும் ஒரே எடத்துல ஒரு நாள் வச்சுட்டு நிறுங்க.

எந்த வழிக்கும் தெரியாத ஒண்ணு இருக்கு, அது ஒட்டு. ஃபேக்டரியிலேர்ந்து வரும்போதே ரோல் ஒரே துண்டா இருக்கணும்னு கட்டாயமில்ல, நடுவுல வெட்டி ரெண்டு துண்டா சுத்தியிருப்பாங்க, இல்லன்னா பழுது இருக்கிற எடத்துக்கு நேரா கரையில கலர் நூல் கட்டி விட்டிருப்பாங்க. 19.3 இருந்தாலும் நடுவுல ஒட்டு வந்தா 2.7 பீஸ் ஏழு கெடைக்காமப் போகலாம். பக்கவாட்டுல பாக்கும்போது கலர் நூல் நீட்டிக்கிட்டு இருக்கா, ஒரு அடுக்கு மட்டும் ரெட்டையா தெரியுதான்னு அங்கயே பாத்துக்கலாம். சாம்பல் ரோல்ல எதுவும் இல்ல.

அக்காகிட்ட ஏழு பீஸும் வரும், ஆனா எக்ஸ்ட்ரா தலகாணி உறை தைக்க மிச்சம் வராதுன்னு சொல்லி ஆர்டர் எடுத்தோம். வெட்டுற அன்னைக்கு முழுசா அளந்தப்ப 19 மீட்டர் 30 சென்டிமீட்டர். ஏழு பீஸ் போக 40 சென்டிமீட்டர் மிச்சம், அதுலயும் முனை கோணலா இருந்ததால பத்து சென்டிமீட்டர் நேராக்க போயிடுச்சு. காலிப்பர் சொன்ன 23.2ஐ நம்பி இன்னொருத்தருக்கு அதே துணியில ஒரு பீஸ் ஒத்துக்கிட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நீங்களே பாத்துக்கங்க.

வந்த அன்னைக்கு அளந்து எழுதாத பழைய ரோலுக்கு என்ன பண்றதுன்னு கேப்பீங்க. அடுத்த தடவ வெட்டும்போது, வெட்டுறதுக்கு முன்னாடி சுற்றளவு, வெட்டி இறுக்கி சுத்துனதுக்கு அப்புறம் சுற்றளவு, ரெண்டயும் எடுங்க. வெட்டுன நீளத்த ரெண்டு சுற்றளவு வர்க்கத்தோட வித்தியாசத்தால வகுத்தா அந்த 0.0138 மாதிரி நம்பர் கெடச்சிடும். ஆனா ரெண்டு மீட்டர், மூணு மீட்டர் வெட்டுறப்ப இத செய்யாதீங்க, சுற்றளவு ரெண்டு மூணு சென்டிமீட்டர்தான் குறையும், அதுல டேப் படிக்கிற தப்பே பத்து சதவீதத்துக்கு மேல போயிடும். பத்து மீட்டருக்கு மேல வெட்டுற நாளுக்குக் காத்திருங்க, அது வரைக்கும் எண்ணுங்க.

டேப் பக்கம் வந்தா கதை கொஞ்சம் வேற. பேக்கிங் டேப் ரோல மெஷின் இறுக்கி சுத்துது, யாரும் உருவிட்டு திருப்பி சுத்துறதில்ல, அதனால தளர்வுப் பிரச்சனையே இல்ல, விகித வழி கச்சிதமா பொருந்தும். எங்க கடையில வாங்குற ரோல் 90 மீட்டர், முழு விட்டம் 11 சென்டிமீட்டர், குழாய் வெளி விட்டம் 8.2. இப்ப 9.6 இருக்குன்னா 41.7 மீட்டர் மிச்சம். கவனிச்சீங்களா, இதுவும் பாதி கனம்தான், ஆனா நீளம் 46 சதவீதம், துணி ரோல்ல அதே பாதி கனத்துக்கு 35 சதவீதம்தான் வந்துச்சு. குழாய் பெருசா, டேப் கனம் கொஞ்சமா இருக்கிற ரோல்ல கண்ணளவு அவ்வளவு தப்பாது. ஆனா டேப் அவ்வளவு மெல்லிசு, விட்டத்துல ஒரு மில்லிமீட்டர் தப்புன்னா மூணு மீட்டர் போயிடும், இங்க மட்டும் காலிப்பரத் தேடி எடுங்க, ஸ்கேல் பத்தாது.

எலாஸ்டிக்குக்கு விட்டக் கணக்கே வேணாம். சுத்தும்போதே இழுத்து சுத்தியிருப்பாங்க, பிரிச்சு மேசையில போட்டா சுருங்கிடும், கணக்கு சொன்ன நீளம் கைக்கு வராது. கர்ட்டன் மேல தைக்கிற ப்ளீட் டேப்பும் எங்களுக்கு சரியான குழாய் இல்லாம பந்து மாதிரி தளர்வா சுத்தித்தான் வருது. இது ரெண்டுக்கும் நான் கிச்சன் தராசுதான், அஞ்சு மீட்டர் அளந்து வெட்டி நிறுத்து, அத அஞ்சால வகுத்து ஒரு மீட்டர் எடைய டப்பா மூடியில எழுதி வச்சிருக்கேன், எலாஸ்டிக்க இழுக்காம அரை மணி நேரம் மேசையில போட்டு வச்சுட்டுத்தான் அளந்தேன்.